சித்திக்கு ஒரு சாம்பல் நிறக் கடிதம்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஏழு வயதுப் பெண் எழுதிய நன்றிக் கடிதத்திலிருந்து 'ரொம்பப் பிடிச்சிருக்கு' என்ற சொற்கள் வழுக்கி, தாளின் அடிவிளிம்பில் எள் கொட்டியதுபோல் குவிந்தன. அம்மா அவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறு தாளில் கோடு போட்டுக் கொடுத்தாள். பென்சிலால் எழுதினாலும் பேனாவால் எழுதினாலும் அந்த இரண்டு சொற்கள் மட்டும் நிற்கவில்லை. அம்மா தன் கையெழுத்தில் எழுதிப் பார்த்தாள். அவையும் விழுந்தன.

பரிசு ஒரு கம்பளிச் சட்டை. சாம்பல் நிறம். கழுத்து அரித்தது, கை மணிக்கட்டோடு நிற்காமல் விரல்களையும் விழுங்கியது. பெண் கேட்டிருந்தது சிவப்பு. ஆனால் அதைப் பின்னியவள் அம்மாவின் தங்கை, வெளியூர் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி, நான்கு மாதம். திங்கட்கிழமை அவளுக்கு அறுவை சிகிச்சை. "பாப்பாவுக்குப் பிடிச்சுதான்னு அவ கையால எழுதச் சொல்லுக்கா, படிச்சுட்டு உள்ள போறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். நான்கு மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"மனசார நெனச்சுட்டு எழுதுடி, உன் கால்ல வேணா விழறேன்."

"நெனச்சேம்மா! நெனச்சாலும் விழுதே, நான் என்ன பண்ணட்டும்?" என்று பெண் விசும்பினாள்.

ஐந்தாவது தாளும் பாழாயிற்று. மூன்றரை. அம்மா தரையில் உட்கார்ந்து, சட்டையை மகளுக்கு மாட்டிவிட்டாள். "சரி, பிடிக்குதுன்னு சொல்ல வேணாம். இதுல என்ன இருக்கு, அதச் சொல்லு."

"கழுத்து அரிக்குது."

"அது இருக்கட்டும். சொல்லாம விட்டா பொய்யாகாது. வேற?"

பெண் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள், பென்சில்களையும் ஓர் உருளைக்கிழங்கையும் போட்டுக் குதித்துப் பார்த்தாள். பிறகு தானே எழுதினாள்.

'அன்புள்ள சித்திக்கு, சட்டை வந்தது. நன்றி. நீங்களே பின்னினீங்கன்னு அம்மா சொன்னா. பையில நாலு பென்சிலும் ஒரு உருளக்கிழங்கும் வச்சேன், விழல. கை நீளம். அதனால எட்டு வயசுலயும் போடலாம். அப்ப நீங்க பாக்கணும். உங்களுக்கு ஊசி வலிக்குதா? இப்படிக்கு, பாப்பா.'

அம்மா தாளைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஓர் எழுத்துகூட அசையவில்லை. செருப்புப் போடாமல் ஓடி, பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த தபால்காரரின் கையிலேயே திணித்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்ததாகத் தகவல் வந்தது, அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினோராம் நாள் சித்தியின் பதில் வந்தது. 'கடிதம் தலகாணிக்கு அடியில இருக்கு. கழுத்து அரிக்குதா பாப்பா? இந்தக் கம்பளிதான் கிடைச்சுது' என்ற வரிகள் தாளில் திடமாக நின்றன. அதற்குக் கீழே வெற்றிடம். உறையைக் கவிழ்த்தபோது அம்மாவின் உள்ளங்கையில் ஒரு பிடி எழுத்துகள் உதிர்ந்தன. கூட்டிப் படிக்க நேரமாகவில்லை: 'சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன்.'

அம்மா அவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள். மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். பெண் யாரும் சொல்லாமலே சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சொறிந்தபடி வாசலில் நின்றாள்.