நாற்பத்தெட்டுப் பேரும் வெளியே

மேரு என்ற ஊரில், ரொட்டி சானாய் என்னும் பரோட்டாவை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை அது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே தீ அபாயப் பயிற்சி. சைரன் அடித்ததும் நான்கு நிமிடத்தில் நாற்பத்தெட்டுப் பேரும் வாசல் மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். பாதுகாப்புப் பொறுப்பாளர் கார்த்திகா தலைகளை எண்ணினாள். சரியாக நாற்பத்தெட்டு. மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி உள்ளே நுழைந்தபோது, வீரம்மா தள்ளுவண்டியோடு குளிரறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"எங்க போனீங்க எல்லாரும்? டீ டைமா?"

நிஜத் தீயாக இருந்திருந்தால், "எல்லாரும் வெளியே" என்று தீயணைக்க வரும் பொம்பாக்காரர்களிடம் கார்த்திகா சொல்லியிருப்பாள். அவர்களும் உள்ளே தேடியிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை எப்படிச் சரியானது? சரக்கு ஏற்ற வந்திருந்த லோரிக்காரர் தம்புசாமி, நிழலுக்காக வரிசையில் போய் நின்றிருந்தார்.

மதியமே கேன்டீனில் உட்கார்ந்தார்கள். பயிற்சி முடிந்ததும் எழுதும் குறிப்பில் நான்கு கட்டங்கள்: என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன், இனி எதை மாற்றுவோம். முதல் இரண்டும் சுலபம். பார்த்ததை எழுதினால் போதும். மூன்றாவதில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். மேலாளர் முகுந்தனும் அவசரப்பட்டார். "பணியாளர் சைரனைக் கவனிக்கவில்லை" என்று மடிக்கணினியில் தட்டினார்.

கார்த்திகா வீரம்மாவைப் பார்த்தாள். வயது அறுபத்தொன்று. அறுபதுக்குப் பிறகு வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. அடுத்த மாதம் அது முடிகிறது. அந்த ஒரு வரி தலைமையகத்துக்குப் போனால் போதும்.

"பாஸ், அது என்ன நடந்ததுன்னுதானே சொல்லுது? ஏன்னு சொல்லலையே."

"வேற என்ன ஏன்? அக்காவுக்குக் கேக்கல."

"யாருக்குக் கேக்கும்? நான் போய் நிக்கறேன், நீங்க அடிங்க."

அவள் தடித்த மேலங்கியை மாட்டி, தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிரறைக் கதவைச் சாத்தினாள். கூரையில் மூன்று பெரிய மின்விசிறிகள் குளிர்காற்றை இரைந்து தள்ளின. காத்திருந்தாள். மூக்கு நுனி மரத்தது. கடைசியில் முகுந்தனே கதவைத் திறந்தார்.

"எப்ப அடிக்கப் போறீங்க பாஸ்?"

"ரெண்டு தடவ அடிச்சாச்சு லா."

கேன்டீனுக்குத் திரும்பியதும் முகுந்தன் அந்த வரியை அழித்தார். ஏன்: கதவு சாத்தியிருந்தால் குளிரறைக்குள் சைரன் கேட்காது. கடைசியாக அங்கே எட்டிப் பார்க்க ஆள் வைக்கவில்லை.

"மூணாவது ஒண்ணு இருக்கு," என்றாள் கார்த்திகா. "தலைய எண்ணினேன், ஆள எண்ணல. போடுங்க."

"பேர் போடணுமா?"

"வேணாம். யாருன்னு கேக்கற கட்டமே இதுல இல்லையே. ஆனா எண்ணினது நான்தான்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

வீரம்மா டீயை ஆற்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது கட்டம். குளிரறையில் சுழலும் சிவப்பு விளக்கு, மாத முடிவுக்குள், பொறுப்பு முகுந்தன். வெளியேறும் முன் குளிரறையைப் பார்க்க பேக்கிங் பகுதியிலிருந்து ஒருவர். வந்துபோகிறவர்கள் பதிவேட்டையும் மரத்தடிக்குக் கொண்டுவருவது. தலையை எண்ணாமல், பட்டியலை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.

"முடிஞ்சதா?" என்றார் முகுந்தன்.

வீரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "கடைசி ஒண்ணு வேலைக்கு ஆகாது தம்பி."

"ஏங்க்கா?"

அவர் கார்த்திகாவைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "பேரக் கூப்பிட்டா எனக்குக் கேக்காது. குளிரறையில மட்டும் இல்ல. வெளியவும்தான். ஒரு வருஷமாச்சு. வாயப் பாத்துப் புரிஞ்சுக்கறேன்."

கார்த்திகாவுக்குப் பகீரென்றது. இவ்வளவு பாடுபட்டு அழிக்கவைத்த வரியை அவரே திரும்ப எடுத்து வைத்துவிட்டாரே.

"இத ஏங்க்கா இப்ப சொல்றீங்க?"

"நீ ஒன் தப்ப எழுதச் சொன்னியே. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா, அடுத்த தடவ நீ கூப்பிடுவ, நான் நின்னுக்கிட்டே இருப்பேன். உள்ள மாட்டிக்கிட்டேன்னு எவனாவது நெருப்புக்குள்ள ஓடுவான்."

முகுந்தன் கடைசி வரியைத் திருத்தினார்: பட்டியலோடு ஒவ்வொருவர் முன்னும் போய் முகம் பார்த்துக் குறிப்பது. யாருக்காக என்று எழுதவில்லை.

"காது விஷயம் இந்தப் பேப்பர்ல வராதுக்கா," என்றார். "காது பாக்கற கிளினிக்குக்கு மட்டும் சீட்டு தரேன், நாளைக்கே போய்ட்டு வாங்க. ஒப்பந்தத்துக்கு நான் எழுதறேன். குளிரறைக் கணக்கு ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க எவனுக்கும் தெரியாது."

"சத்தமா சொல்லு தம்பி, கேக்கல," என்றார் வீரம்மா.

அவர் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த மாதப் பயிற்சியில் ஆறு நிமிடம் ஆனது. யாரும் கைதட்டவில்லை. கார்த்திகா பட்டியலோடு வரிசை நெடுக நடந்தாள். முப்பத்தோராவது பெயரில் நின்றாள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வீரம்மா, காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியோடு, மேலங்கியைக் கழற்றாமலே நின்றிருந்தார்.

கார்த்திகா அவர் முகத்தைப் பார்த்தாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குறித்துக்கொண்டாள்.