இரண்டு மகன்கள் இல்லாத வீட்டுக்கு ஒரு கடிதம்

மேலாளர் கொடுத்த இரங்கல் கடிதத்தைப் படித்ததும் போன் அக்காவுக்குக் காது வரைக்கும் சுட்டது.

அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் புகார் போனை எடுப்பது அவள்தான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும்; எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள். அதனால்தான் அந்தப் பெயர். இறந்துபோனவர் மெக்கானிக்குகளில் மூத்தவர். சிடுமூஞ்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போனை எடுத்தால் வணக்கம்கூடச் சொல்லமாட்டார், "எங்க?" என்பார். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

காகிதத்தில் இப்படி இருந்தது: "காலனின் கொடிய கரங்கள் தங்கள் அன்புக் கணவரை எம்மிடமிருந்து பறித்துச் சென்ற செய்தி கேட்டு ஆறாத் துயரில் ஆழ்ந்தோம். என்றும் மாறாப் புன்னகை தவழும் அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய இயலாதது. தங்கள் இரு மகன்களும் அன்னாரின் வழி நடப்பார்களாக. அன்னாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறோம். ஏதேனும் உதவி தேவைப்படின் தயங்காமல் அலுவலகத்தை அணுகவும்."

"சார், இது யாருக்கு எழுதினது?" என்றாள்.

"யாருக்குன்னா? அவர் சம்சாரத்துக்குத்தான். தேதியை மட்டும் மாத்தி அடிச்சிடுங்க. சாயங்காலம் நானே நேர்ல கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

"அவருக்கு ஒரே பொண்ணு சார். இந்த ரெண்டு மகன் எங்கிருந்து வந்தாங்க?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருடம் இறந்த ஓட்டுநரின் வீட்டுக்கு எழுதியது அது. அவருக்கு இரண்டு மகன்கள். புன்னகையும் அவருடையதுதான்.

"சரி, மகள்னு மாத்திடுங்க. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?"

ஏனா? செத்தவனுக்கு அடுத்தவன் சட்டையை மாட்டி அனுப்புகிறார்கள், அளவுகூடப் பார்க்காமல். இதில் 'ஆறாத் துயர்' வேறு! ஆறாத் துயரில் ஆழ்ந்தவருக்குச் செத்தவன் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தெரியாதா?

"நானே வேற எழுதறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"எழுதுங்க. ஆனா வார்த்தை கொஞ்சம் கனமா இருக்கட்டும். நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் உட்கார்ந்த வேகத்தில் எழுதியது பக்கம் நிரம்பியது. 'அண்ணன் அன்று காலை துணைக்கு ஆள் கேட்டார். நான்தான் அதை மேலாளரிடம் சொன்னேன். ஒரே ஆள் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். என் நெஞ்சு கொதிக்கிறது. என்னால் தூங்க முடியவில்லை.' ஒரு சொல் பொய்யில்லை. எழுதி முடித்ததும் பெருமூச்சு வந்தது. பிறகு அதையே அந்த வீட்டுப் படியில் நின்று படிப்பதுபோல நினைத்துப் பார்த்தாள்.

நான், என், என்னால். புருஷனைப் பறிகொடுத்தவள் இப்போது இவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமா? பழைய காகிதத்தில் அலங்காரம் செத்தவனை மறைத்தது என்றால், இதில் இவள் கோபம் வந்து மறைத்துக்கொண்டு நின்றது. துணைக்கு ஆள் அனுப்பாத கதை கேட்கப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் முதலாளி. அந்தப் பகுதியை மட்டும் தனித் தாளில் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, முதலாளியின் பெயருக்கு உறையிலிட்டாள். அண்ணி என்றைக்கு வாய்விட்டுக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

பிறகு எழுதாமல் போனை எடுத்தாள். அன்று அண்ணன் சரிசெய்யப் போன லிஃப்டுக்குள் சிக்கியிருந்த இருவரிடமும் பேசினாள். அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கும் தையல்காரரிடம் பேசினாள். அண்ணன் கடைசியாக உட்கார்ந்தது அவர் வாசலுக்கு எதிரே இருந்த படிக்கட்டில்தான்.

"ரொம்ப வலிச்சுதாங்க அவருக்கு?"

தையல்காரர் தயங்கினார். "வலிச்சுதும்மா. பொய் சொல்லக் கூடாது. ஆனா என் கையை விடவே இல்லை. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அதனால் 'அமைதியாகப் பிரிந்தார்' என்று அவள் எழுதவில்லை. வலியைப் பற்றியும் எழுதவில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டுவது உண்மையாகிவிடாது. காலனை எடுத்தாள், 'இறந்தார்' என்று வைத்தாள். அன்னாரை எடுத்தாள், 'உங்கள் கணவர்' என்று வைத்தாள். 'உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது' என்று தானாக வந்து விழுந்த வரியை அடித்தாள். புரியவில்லை, புரியவும் புரியாது. ஆன்மா, இறைவன் எல்லாம் அந்த வீட்டின் நம்பிக்கை எதுவோ அதன் பொறுப்பு. சிடுமூஞ்சி என்ற பெயர் செல்லம்தான், ஆனால் அது பணிமனையின் செல்லம், வீட்டுக்குள் அனுப்பக் கூடாது. 'உதவி தேவைப்படின் அணுகவும்' என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அழுகிறவளை அலுவலக வாசலில் வந்து நில் என்கிறது. உதவி என்றால் இன்னதென்று சொல்ல வேண்டும், நாம் போய்ச் செய்ய வேண்டும்.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கணவர் இறந்ததில் எங்களுக்கு மிகுந்த வருத்தம். உங்களையும் உங்கள் மகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டுக்குள் இருவர் சிக்கியிருந்தார்கள். கதவைத் திறக்கும்வரை உங்கள் கணவர் வெளியே நின்று, 'பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததாக அவர்கள் கூறினார்கள். இருவரும் நலமாக வெளியே வந்தார்கள். பிறகு படியிறங்கும்போது உங்கள் கணவருக்கு நெஞ்சு வலித்தது. நான்காம் மாடித் தையல்காரர் ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். உங்கள் கணவர் தனியாக இருக்கவில்லை.

அவருடைய சொந்தப் பொருட்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்லும் நாளில் நாங்களே கொண்டுவந்து தருகிறோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

மேலாளர் படித்தார். "ரொம்ப மொட்டையா இருக்கே? அதுவும் வேலை பார்த்த இடத்துல நெஞ்சு வலின்னு எழுதினா நாளைக்கு யாராவது கேஸு கீஸுன்னு..."

"அவர் செத்தது ஊருக்கே தெரியும் சார். அவர் பொண்டாட்டிகிட்ட மறைச்சு யாரைக் காப்பாத்தப் போறோம்?"

அவள் குரல் உயர்ந்ததில் பணிமனையில் சுத்தியல் சத்தம் நின்றது. மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் புகார் போன் ஒலித்தது. எடுத்தால் அண்ணியின் குரல்.

"படிச்சேன்மா. ஒண்ணு கேக்கணும். 'பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்'னு நிஜமாவே சொன்னாரா?"

"சொன்னார் அண்ணி. ரெண்டு பேரையும் நானே கேட்டேன்."

"வீட்டுல ஒரு நாளும் அப்படிப் பேசினதில்லை மனுஷன். வாயைத் திறந்தா எரிஞ்சு விழுவாரு. ஆனா பொண்ணு பொறந்தப்போ, பிரசவ அறைக்கு வெளியில நின்னு இதையேதான் கத்திக்கிட்டிருந்தாரு. எனக்கு மறந்தே போச்சு." அண்ணி அழுதாள். போன் அக்கா அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. அன்று மூன்று கட்டடங்களின் அழைப்பு காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போனை வைத்தபோது மேலாளர் எதிரே நின்றார், முகமெல்லாம் திருப்தி. "நல்லா எடுபட்டிருக்கும் போலிருக்கே! அந்தக் கடிதத்தைக் கம்ப்யூட்டர்ல பத்திரமா வெச்சிடுங்க. அடுத்த தடவைக்கு ஆகும். கிழமையையும் மாடியையும் மாத்தினா போதும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயில் வந்தது எத்தனையோ. ஆனால் நேற்று முழுக்கச் சொற்களை எடுத்து எடுத்துப் பழகிவிட்டதால் மிச்சம் நின்றதை மட்டும் சொன்னாள்.

"அடுத்த தடவை உங்களுக்கா இருந்தா, உங்களைப் பத்தி என்ன சார் எழுதட்டும்?"

அவர் யோசித்தார். அவருக்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, ஒலித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். "எங்க?" என்றாள்.