உற்சவருக்கு மட்டும் தண்ணீர்

1968-இல் தம்பி ஜெர்மனியிலிருந்து ஒரு மிக்ஸி கொண்டுவந்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் பாத்திரங்களோடு அதையும் கிணற்றடியில் அலம்பினேன். அலம்பாத எதுவும் என் சமையலறைக்குள் வராது. அன்றோடு அது மூச்சை நிறுத்தியது.

பெரிய கடைவீதி மெக்கானிக் நசுருதீன் ஸ்ரீரங்கத்துக்கே வந்து, மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து உயிர் கொடுத்தார்.

"ஜாருக்கு மட்டும்தான் தண்ணிம்மா. மோட்டார் இருக்கிற அடிப்பாகத்துக்கு ப்ளக்கைப் பிடுங்கிட்டு, சோப்புத் துணியை ஒட்டப் பிழிஞ்சு தொடைங்க. இந்த ஓட்டைங்ககிட்ட ஈரமே ஆகாது."

"அலம்பாததை மடி ஆசாரத்திலே எப்படிச் சேர்க்கறது?" என்று சீறினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் கண் அயர்ந்தேன். கனவில், கர்ப்பக்கிருக இருட்டில் மூலவர் பெரிய பெருமாள் சயனித்திருந்தார். சுதையால் ஆன திருமேனி என்பதால் அவருக்குத் தைலக்காப்புதான். ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. வெளியே காவேரியே குடம் குடமாக நடந்துவந்து உற்சவர்மேல் பொழிந்துகொண்டிருந்தது. விழித்தபோது என் கை ஈரமாக இருந்ததுபோல் தோன்றியது.

எழுந்து, பிழிந்த துணியால் அடிப்பாகத்தைத் துடைத்தேன். ஜாரைக் கிணற்றடிக்கு எடுத்துப்போனேன்.

"மிக்ஸியை அலம்பியாச்சா?" என்றார் ஆத்துக்காரர்.

"உற்சவருக்குத் திருமஞ்சனம் ஆயிண்டிருக்கு," என்றேன். "மூலவர் அடுப்படியிலே சயனிச்சிண்டிருக்கார்."