பாதிக்குப் பாதி கரன்ட் பில்

கரன்ட் பில்லில் பாதிக்குப் பாதி கொடுத்துக் கொடுத்து ஒரு வருஷமாக எனக்கு வயிற்றெரிச்சல். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. என்னோடு வாடகையைப் பகிர்ந்து தங்கியிருப்பவர் பேக்கரியில் வேலை செய்கிறார். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே கூப்பிடுவேன். விடியுமுன் போய்ப் பத்து மணிக்கே வந்துவிடுவார். பகல் முழுக்க அவர் அறையில் குளிருக்கு ஹீட்டர் ஓடும். அந்தத் தண்டத்துக்கு நானும் அழ வேண்டுமா?

ஊரிலிருக்கும் அவர் மனைவிக்கு, அண்ணிக்கு, முழங்காலில் ஆபரேஷன் என்று போனார். இரண்டு வாரம் என்றவர் இரண்டு மாதமாகியும் வரவில்லை. அவர் இல்லாத மாதத்து பில் வரட்டும், ஆதாரத்தோடு கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

பில் வந்தது. இருபது யூனிட்தான் குறைந்திருந்தது.

மீட்டரைப் பார்க்காமலே மதிப்பீடாக எதையோ போட்டுவிட்டார்கள் என்று கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். ரீடிங் சரியாகவே இருந்தது. படியேறி வந்து கதவைத் திறந்தேன். சமையலறையில் விளக்கு. கூடத்தில் யாரும் பார்க்காத டிவி. அண்ணன் அறையில் ஹீட்டர். எல்லாம் நான் காலையில் போட்டுவிட்டுப் போனவை. இருட்டு வீட்டுக்குள் நுழைய என்னால் முடியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுதி வைத்திருந்த வீராப்பு மெசேஜை அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

"அண்ணே, அண்ணிக்கு இப்ப பரவாயில்லையா? பில் வந்திருக்கு. நெட் பில் எப்பவும் ஒரே தொகைதான், ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வரும். அதனால பாதி உங்களுது. கரன்ட்ல மாசாமாசம் வர்ற நிலைக்கட்டணத்துலயும் பாதி. யூனிட் முழுக்க நான் ஓட்டினது, அதை நானே கட்டிடறேன். நீங்க வந்ததும் யாரு எவ்வளவு ஓட்டுறோம்னு பார்த்துப் பிரிச்சுக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

கூடவே பில்லையும் படமெடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இதுல தப்பா எடுக்க என்னப்பா இருக்கு. என் பங்கை அனுப்பிட்டேன். ஆனா ஒத்த ஆளுக்கு இவ்வளவு யூனிட்டா? என்னத்தைப்பா போட்டு ஓட்டுற?"

ஃபிரிட்ஜ் கோளாறு என்று அடித்தேன். அழித்தேன்.

"உங்க ரூம் ஹீட்டர்ண்ணே. நான் வர்றப்போ நீங்க உள்ள இருக்கிற மாதிரி இருக்கும்."

'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"தம்பி, அதை ஆஃப் பண்ணிடு. அண்ணியால இன்னும் தனியா நடக்க முடியல. இங்கயே ஒரு பேக்கரியில வேலைக்குச் சேர்ந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் தள்ளிப்போட்டேன். ரூமுக்கு வேற ஆள் பாரு. ஆள் கிடைக்கிற வரைக்கும் வாடகையிலயும் நெட்லயும் என் பாதியை நான் அனுப்பறேன்."

ஒரு வருஷம் அவரோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டவன் நான். வாடகையெல்லாம் வேண்டாம், நீங்கள் வந்தால் மொத்த பில்லையும் நானே கட்டுகிறேன் என்று எழுதத் தோன்றியது. அண்ணியின் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

"சரிண்ணே" என்று மட்டும் அனுப்பினேன்.