எளிமை மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நோய் தீர்ந்து மனிதன் வீடு திரும்பும் வரலாற்றில் ஒரு புதிய யுகம் பிறந்துவிட்டது. அதன் நீளம் முப்பது சென்டிமீட்டர், அகலம் இருபத்தொன்று. வழவழப்பான தாள். இளநீல நிறம். பெயர், 'வீடு திரும்புவோர் வழிகாட்டி'.

இந்த யுகத்தைப் பெற்றெடுக்க மருத்துவமனையில் ஒரு குழு பதினோரு முறை கூடியது. முதல் நான்கு கூட்டங்களில் நிறம் முடிவானது. ஐந்தாவதில், முடிவான நீலம் போதுமான அளவுக்கு நீலமாக இருக்கிறதா என்று விவாதித்தார்கள். ஏழாவதில் ஒருவர், "இதை நோயாளி படிச்சா புரியுமா?" என்று கேட்டார். எட்டாவது கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

குழுவின் தலைவர்தான் மருத்துவமனையின் தலைமை அதிகாரி. ஒரு காலத்தில் காது மூக்கு தொண்டை பார்த்தவர். இருபது வருடமாக யார் தொண்டையையும் பார்க்காமல் சுற்றறிக்கை மட்டுமே எழுதிவருவதால், ஊழியர்கள் அவரைச் செல்லமாக 'சுற்றறிக்கை' என்றே அழைத்தார்கள், அவர் அறையை விட்டுப் போன பிறகு.

தாளின் தலைப்பில் மருத்துவமனையின் புதிய சின்னம். அதற்குக் கீழே சுற்றறிக்கையின் புகைப்படம். புகைப்படத்துக்குக் கீழே அவருடைய வாழ்த்துரை, ஆறு வரி. இவ்வளவும் சேர்ந்தபோது அடியில் இடம் போதவில்லை. எனவே மருந்து அட்டவணையில் 'குறிப்பு' என்றிருந்த கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். மருந்தின் பெயர், காலை-மதியம்-இரவு, எத்தனை நாள். இந்த மூன்றும் போதும், கண்ணுக்கும் நெருக்கடி இல்லை என்று குழு கருதியது. டாக்டர்கள் கணினித் திரையில் குறிப்பு எழுதலாம், தடையில்லை. தாளில் மட்டும் அது வராது.

ஆபத்தின் அறிகுறிகளைப் பட்டியல் போட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்றும் குழு கவலைப்பட்டது. அதனால் அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 'அசாதாரணப் பின்விளைவுகள் ஏதேனும் உணரப்படும் பட்சத்தில் உரிய மருத்துவ அணுகுதல் மேற்கொள்ளப்படுதல் அவசியம்.' இதைப் படித்து யாரும் பயப்பட வாய்ப்பே இல்லை. முதலில் யாராவது படித்து முடிக்க வேண்டும்.

மொழி எளிமையா என்று சோதிக்க ஒரு மென்பொருள். சொற்கள் குட்டையாக இருந்தால் மதிப்பெண் கூடும். மருந்து நேரங்களை 1-0-1 என்று எழுதுவது வழக்கமல்லவா? மென்பொருள் அதை மூன்று மிகக் குட்டையான சொற்களாக எண்ணிக்கொண்டது. எத்தனை மாத்திரையோ அத்தனை எளிமை. சராசரி மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு. சுற்றறிக்கை அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

மென்பொருளுக்குக் கையெழுத்துப் போட வராது. அதற்காக டிஸ்சார்ஜ் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். தாளின் அடியில் 'எளிமை சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்திடுவது அவர் வேலை. சரிபார்ப்பதும் வேலை என்று யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்.

அன்று பதினோரு மணிக்குத் தர விருதுக்கான ஆய்வுக் குழு வரவிருந்தது. அதற்குள் முப்பத்தெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பி, கட்டில்களில் சுருக்கமில்லாத விரிப்புப் போட்டாக வேண்டும். நோயாளி இல்லாத மருத்துவமனைதான் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

சிஸ்டர் முன்னால் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். விரல் மூட்டுகள் வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் வந்தவர். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மருந்துப் பை.

"வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடுவீங்க? தாளைப் பாத்து உங்க வார்த்தையில சொல்லுங்க, அண்ணே" என்றார் சிஸ்டர். எல்லோரிடமும் அவர் இதைக் கேட்பார். இதனால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வீணாகிறது என்று அவருக்கு ஏற்கெனவே இரண்டு சுற்றறிக்கைகள் வந்திருந்தன.

"என்கிட்ட கேக்காதீங்க சிஸ்டர். எனக்கு அளவெடுக்கத்தான் தெரியும். இவதான் எல்லாம்."

"ஆமா, இவரை நம்பினா ராத்திரி மாத்திரைய அடுத்த வருஷம் முழுங்குவாரு" என்ற மனைவி, பையிலிருந்து ஏழு கட்டம் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பெருமையோடு எடுத்தார். "பாருங்க, இப்பவே பிரிச்சு வெச்சுட்டேன். இந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை, டெய்லி காலையில ஒண்ணு. இன்னொரு மஞ்சள், அதுவும் டெய்லி காலையில ஒண்ணு. முப்பது நாளைக்கு முப்பது குடுத்திருக்காங்க. கணக்கு கரெக்டா இருக்கு."

சிஸ்டர் டப்பாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். முதல் மருந்துக்கு நேராக 1-0-0, முப்பது நாள். பிறகு கணினியில் மூட்டு டாக்டர் எழுதியதைத் திறந்தார். அங்கே, தாளுக்கு வராத குறிப்பில் இருந்தது: 'வாரம் ஒரு முறை மட்டும். திங்கள்.' இரண்டாவதான சத்து மாத்திரைக்கு: 'வாரம் ஒரு முறை. வியாழன்.'

அந்த முதல் மாத்திரை வாரத்துக்கு ஒன்று போனால் மூட்டைக் காப்பாற்றும். தினமும் ஒன்று போனால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையே நிறுத்தும். ஆளையே முடித்துவிடும். திரையில் காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்களில் ஒன்றையாவது நிரப்பாவிட்டால் மருந்துச் சீட்டு நகராது. டாக்டர் காலையை நிரப்பியிருக்கிறார். கணினி முப்பதால் பெருக்கியிருக்கிறது. மருந்துக் கவுண்டரில் முப்பது எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு ஏதாச்சும் சாப்பிட்டாரா இதுல?"

"இல்ல, நாளைக்குக் காலையிலேர்ந்துதான். ஏன் சிஸ்டர்?"

சிஸ்டர் டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். பேனாவையும் மூடினார்.

பேனா மூடிய செய்தி இரண்டு மாடி ஏறி சுற்றறிக்கையின் காதுக்கு எட்ட நான்கு நிமிடம் ஆனது. அவர் இறங்கிவந்தபோது பின்னாலேயே ஆய்வுக் குழுவும் வந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அதன் தலைவி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மையார்.

"என்ன சிஸ்டர், ஏன் இவங்களை உக்கார வெச்சிருக்கீங்க?" சுற்றறிக்கையின் குரலில் விருந்தாளிகளுக்கான தேன் ஒழுகியது.

"தாள் புரியற மாதிரி இல்ல சார். கையெழுத்துப் போட முடியாது."

தேன் நின்றது. "புரியலையா? தொண்ணூத்திரண்டு மார்க் வாங்கின தாள்!" அவர் தாளைப் பிடுங்கி, அம்மையார் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே பாருங்க. நான் இந்த மருந்தெல்லாம் எழுதி இருபது வருஷம் ஆச்சு. ஒரு சாதாரண ஆளா, நோயாளியா நினைச்சுப் படிக்கிறேன். முதல் மருந்து. காலையில ஒண்ணு. மதியம் இல்ல. ராத்திரி இல்ல. முப்பது நாள். அதாவது, தினமும் காலையில ஒண்ணு! இதுல என்ன புரியல? ஸ்கூல் பிள்ளைக்குக்கூடப் புரியும்."

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்!" என்றார் தையல்காரரின் மனைவி, பரீட்சையில் தேறிவிட்ட மகிழ்ச்சியில்.

"பாத்தீங்களா?" என்றார் சுற்றறிக்கை. "நோயாளியோட குடும்பம். ஒரே தடவையில புரிஞ்சிருக்கு."

சிஸ்டர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "டாக்டர் எழுதினது வாரத்துக்கு ஒண்ணு சார்."

அம்மையார் குனிந்து மருந்தின் பெயரைப் படித்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தார். சுற்றறிக்கையும் முதன்முறையாக மருந்தின் பெயரைப் படித்தார். காது மூக்கு தொண்டைக்காரராக இருந்தாலும் அந்தப் பெயரின் அர்த்தம் அவருக்கு மறந்துபோயிருக்கவில்லை. அவர் வாய் திறந்தது. வாழ்த்துரை எதுவும் வரவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டார் தையல்காரர். "எனக்கு ஏதாச்சும்...?"

"ஒண்ணும் ஆகல அண்ணே. ஆகாம இருக்கத்தான் உக்கார வெச்சேன்."

சிஸ்டர் மூட்டு டாக்டருக்குப் போன் போட்டு, எழுதியதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லவைத்து உறுதி செய்துகொண்டார். இரண்டு மாத்திரைகளிலும் நான்கு வாரத்துக்கு நான்கு நான்கை மட்டும் வைத்து, மீதியைக் கவுண்டருக்குத் திருப்பி அனுப்பினார். பிறகு நீலத் தாளைத் திருப்பி, யாருடைய முகமும் இல்லாத பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்:

'மூட்டு மாத்திரை: திங்கட்கிழமை மட்டும். காலையில் ஒன்று. மற்ற ஆறு நாளும் கூடாது.

சத்து மாத்திரை: வியாழக்கிழமை மட்டும். காலையில் ஒன்று.

திங்கள் மறந்துவிட்டால் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். போன் செய்து கேளுங்கள்.

வாயில் புண், தொண்டை வலி, காய்ச்சல், மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், அடிபடாமலே உடம்பு கன்றுவது, ரத்தம் கசிவது, கண் மஞ்சளாவது. இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். ராத்திரி ஆனாலும் வாருங்கள்.

கேட்காமல் வலி மாத்திரை வாங்காதீர்கள். மது வேண்டாம். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை.'

அதற்கடியில் ஒரு போன் நம்பர். அடித்தால் யாராவது எடுக்கும் நம்பர்.

"இப்ப சொல்லுங்க அண்ணே. நீங்க சொல்லுங்க, அக்கா வேணாம்."

"திங்கக்கிழமை மூட்டு. வியாழக்கிழமை சத்து. நடுவுல இவ என்ன கெஞ்சினாலும் தொடமாட்டேன்."

"நான் ஏன் கெஞ்சப்போறேன்?" என்றார் மனைவி. சிஸ்டர் ஐந்து கட்டங்களைக் காலி செய்து கொடுத்த டப்பாவை வாங்கி, குலுக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா? காலியா கெடக்கே."

"வாயில புண் வந்தா?"

"நிறுத்திட்டு அன்னிக்கே வரணும்."

சிஸ்டர் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோது சுற்றறிக்கையின் முகம் சரியாக நடுவில் மடிந்தது. சுற்றறிக்கை அதைக் கவனித்தார். ஆனால் சூழ்நிலை சரியில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அம்மையார் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மீண்டும் உயிர் வந்த சுற்றறிக்கை, "பாத்தீங்கல்ல மேடம், எங்க சரிபார்ப்பு முறை எவ்வளவு உறுதியா இருக்குன்னு!" என்றார். விருதும் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து மேடையில் வாங்கினார். நோயாளியின் இடத்தில் நின்று தானே தாளைப் படித்துப் பிழையைக் கண்டுபிடித்த அனுபவத்தைப் பதினைந்து நிமிடம் விவரித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

தையல்காரரை அனுப்பிய அன்றைக்கே, சுற்றறிக்கையும் ஆய்வுக் குழுவும் தேநீருக்குப் போன பிறகு, சிஸ்டர் கணினியில் ஒரு பட்டியல் எடுத்தார். நீலத் தாள் வெளிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளில் அதே மாத்திரையோடு வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர்.

முதலாமவர் போனை எடுத்தார். தாளில் ஒன்றும் விளங்காததால் மாத்திரையைத் தொடவே இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். இரண்டாமவரின் மகள் எடுத்தார். அப்பா முன்பே வேறு மருத்துவமனையில் அதே மாத்திரை சாப்பிட்டவர். புதுத் தாளை மதிக்காமல் பழைய வழக்கப்படி வாரம் ஒன்றுதான் போட்டிருந்தார்.

மூன்றாமவர் நன்கு படித்தவர், சொன்னபடி நடப்பவர். தாளில் இருந்ததை ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்திருந்தார். அவருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. வாய் முழுக்கப் புண்ணும் காய்ச்சலுமாக முந்தின நாளிலிருந்து மூன்றாவது மாடியில் படுத்திருந்தார். சிஸ்டர் படியேறி ஓடிப்போய் அவருடைய கேஸ் ஷீட்டைப் பிரித்தார்.

அதில், 'காரணம் தேடப்படுகிறது' என்று எழுதியிருந்தது.