கேரட் இல்லாத பெட்டி

ஐந்து நிமிடம் பேசுவதற்காக ஜெமி ஐந்து வாரத் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி. புதுத் தொழில்களை ஒரு வருஷம் மடியில் வைத்து வளர்த்துவிடும் இன்குபேட்டர் அங்கே இருக்கிறது. அவர்கள் நடத்தும் போட்டியில் தேறினால் ஐந்து லட்சம் ரூபாய், அலுவலகம், காய்கறி வைக்கக் குளிர் அறை. தேறாவிட்டால் திங்கட்கிழமை கோயம்புத்தூர் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். அப்பா சத்தியநேசனுக்குக் கொடுத்த வாக்கு அது. துணிமணி பாதி கட்டியாயிற்று.

தொழில் எளிமையானதுதான். ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்தைச் சுற்றி இருபத்தெட்டு விவசாயிகள் சனிக்கிழமை சாயங்காலம் பறிக்கும் காய், ஞாயிறு காலை மதுரையில் அறுபது அடுக்குமாடி வீடுகளின் வாசலில் இருக்கும். வாரம் ஒரு பெட்டி. வண்டி ஓட்டுவது கூட்டாளி விஜயபாண்டி. கூடப் படித்தவன், நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

'தோட்டத்திலிருந்து நேரே' என்ற கடைசி ஸ்லைடோடு ஜெமி பேச்சைத் திணறாமல் முடித்தாள். நடுவர்களில் மூத்தவர் ஆனந்தவல்லி, இருபது வருஷம் காய்கறி ஏற்றுமதியில் இருந்தவர். விஜயபாண்டி மேசையில் வைத்திருந்த மாதிரிப் பெட்டியைத் திறந்தார். கத்தரி, புடலை, அவரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு கேரட்டை வெளியே எடுத்தார்.

"ராஜபாளையத்துல இந்த மலைக்காய் எந்தத் தோட்டத்துல விளையுதும்மா?"

"அது மேடம், அய்யனார் கோவில் மலைப்பக்கம் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்..." என்று விஜயபாண்டி தொடங்கினான். ஜெமி அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"தோட்டத்துல இல்ல மேடம். கேரட்டும் பீன்ஸும் மதுரை மார்க்கெட்ல வாங்கி வைக்கோம். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸுக்கு வேணும்னு கேக்காங்க."

"அப்போ நேரேன்னு போட்டது பொய்."

"ஆமா மேடம்." முகம் தீயாய்ச் சுட்டது அவளுக்கு.

ஆனந்தவல்லி ஆர்டர் கணக்கைக் கேட்டு வாங்கினார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது. "இந்த வாரம் மட்டும் எழுபத்தொரு பெட்டியா?"

"அன்னைக்கு அமாவாசை மேடம். நாட்டுக்காய் மட்டும் போதும்னாங்க. பக்கத்து வீட்டுக்கும் சேத்துக் கேட்டாங்க."

"இது ஏன் ஸ்லைடுல இல்ல?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எனக்கு அது ஒரு வாரத் தொந்தரவாத்தான் பட்டுச்சு."

"எங்கம்மா அன்னைக்கு கேரட்டை அடுப்படிக்கே விடமாட்டா" என்றான் விஜயபாண்டி. "ஸ்லைடு இவ போட்டது மேடம்."

நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனந்தவல்லி மட்டும் விடவில்லை. "அமாவாசை மாசத்துக்கு ஒரு நாள். மத்த வாரத்துக்கு? இனி கேரட், பீன்ஸ் கிடையாதுன்னு பெட்டி வாங்குறவங்க குரூப்ல இப்பவே போடுங்க. நாலு மணிக்கு, என்ன வந்திருந்தாலும் அப்படியே காட்டுங்க."

ஜெமி வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டாள். இருவரும் கேன்டீனில் உட்கார்ந்தார்கள். முதல் பதில், 'அப்ப எங்களுக்கு வேண்டாம்மா, பையன் வேற காய் தொடமாட்டான்.' அடுத்ததும் அப்படியே. மூன்று மணிக்குள் பதினொரு வீடு கழன்றுவிட்டது. டீ ஆறிப்போனது.

"செத்த நேரம் போனைக் குடு. நாலஞ்சை அழிச்சிருதேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் விஜயபாண்டி.

"ஏலே, கையை எடுலே!"

பிறகு ஒரு அம்மா கேட்டாள், 'புடலங்காயை எப்படித்தான் பிள்ளைகளைத் தின்ன வைக்கிறது?' அவ்வளவுதான், குரூப் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தி பாசிப்பருப்புக் கூட்டு என்றாள், இன்னொருத்தி வறுவல் என்றாள், மூன்றாவது ஆள் போட்டோவே போட்டாள். பேச்சுக்கு நடுவே 'எங்களுக்கு வழக்கம்போல அனுப்புங்க' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு, போனது பதிமூன்று வீடு, இருப்பது முப்பத்தொன்பது, எட்டு வீடு வாயே திறக்கவில்லை. ஜெமி ஒன்றையும் மறைக்காமல் போனை நீட்டினாள்.

"போன பதிமூணை எப்படி ஈடு கட்டுவீங்க?"

"இன்னும் தெரியல மேடம். ஆனா இந்தப் பெட்டியை நான் தைரியமாத் திறந்து காட்டுவேன்."

ஐந்து மணிக்குத் தேறியவர்களின் பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயர் அவர்களுடையது, அதிலும் ஒரு நிபந்தனை. பாதிப் பணம் இப்போது, மீதி மூன்று மாதம் கழித்து, நாற்பது வீடாவது நிலைத்திருந்தால். விஜயபாண்டி விசில் அடித்தான். ஜெமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

"திங்கட்கிழமை சேர முடியாது சார்."

"ஏன்மா, வேற கம்பெனி கிடைச்சிருச்சா?"

"இல்ல சார். ஞாயித்துக்கிழமை முப்பத்தொம்பது வீட்டுக்குக் காய் கொண்டு போகணும். இன்னும் ஒரு வீடு பிடிக்கணும்."