ஒன்பதாம் எபிசோடில் ஏழு வரிகள்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை காலை 10.20க்கு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இயங்கும் சப்டைட்டில் நிறுவனத்துக்கு, ஜப்பானியத் தொடர் ஒன்றின் ஒன்பதாவதும் கடைசியுமான எபிசோடு வந்து சேர்ந்தது. முந்தைய எட்டு எபிசோடுகளின் தமிழ் வரிகள் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருந்தன. தொடர் வெள்ளிக்கிழமை மதியம் வெளியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு அலுவலகத்தில் ‘சான்’ என்று பெயர். இங்கே வருவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு உரைபெயர்ப்பாளராக இருந்தார். அவர்கள் ஒவ்வொரு பெயரோடும் சேர்த்த ‘சான்’ என்ற மரியாதைச் சொல், பெயர் உதிர்ந்துபோய் அவரிடம் மட்டும் தங்கிவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடியைக் கழற்றி இமைகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளும் பழக்கம் கடந்த ஆறு மாதத்தில் வந்தது.

ஒரு தொடர் தொடங்கும்போது முதலில் செய்யப்படுவது அட்டவணை. யார் யாரை ‘நீ’ என்பார், யாரை ‘நீங்க’ என்பார், இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது ‘அவன்’ என்பாரா ‘அவர்’ என்பாரா என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கட்டம். ஜப்பானிய வசனத்தில் முன்னிலைச் சொல்லே இல்லாமல் பத்து நிமிடம் பேசலாம். மரியாதை அங்கே வினைச்சொல்லின் வாலில் இருக்கும். உடன் வரும் ஆங்கில வரிகளிலோ எல்லோருக்கும் ஒரே சொல்தான். தமிழில் ‘வா’ என்று எழுதிய மறுகணம் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும். தவிர, ஒற்றைப்படை எபிசோடுகளை சானும் இரட்டைப்படையை வீட்டிலிருந்து வேலை செய்யும் வேறொரு பெண்ணும் பங்கிட்டுக்கொண்டார்கள். அட்டவணை இல்லாவிட்டால் ஒரு எபிசோடில் ‘நீ’யாக இருந்தவன் அடுத்ததில் ‘நீங்க’ ஆகிவிடுவான்.

இந்த அட்டவணையை சான்தான் போட்டார், முதல் இரண்டு எபிசோடுகளைப் பார்த்துவிட்டு. பெரும்பாலான கட்டங்களில் அவர் நிறைய யோசித்திருந்தார். தொடரில் வரும் கணவனின் அலுவலகத்தில் செயலாளர் பெண், வெளி ஆளிடம் தன் முதலாளியை மொட்டையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவாள். வெளியாரிடம் தன் பக்கத்து ஆளைத் தாழ்த்திச் சொல்வது அங்கே பண்பு. அப்படியே தமிழில் வைத்தால் அவளுக்கு முதலாளி மேல் ஏதோ கோபம் என்று ஆகும். “எங்க எம்.டி. வெளியில போயிருக்காரு” என்று வைத்தார். யோசிக்காமல் நிரப்பியது ஒரே கட்டம். மனைவி – கணவன்: ‘நீங்க’. அவள் வினைச்சொற்கள் தோழியிடம் பேசுவதுபோல் இருந்தன என்பது அவர் காதில் விழுந்திருந்தது. விழுந்தும், கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

திங்கட்கிழமை மதியம் ஒன்பதாம் எபிசோட்டின் முப்பத்தோராவது நிமிடத்தில் அவர் வீடியோவை நிறுத்தினார்.

சமையலறை மேசை. மனைவி விவாகரத்துப் படிவத்தை நகர்த்தி வைக்கிறாள். எட்டு எபிசோடுகளாகச் சாதாரணமாகப் பேசியவள், இந்தக் காட்சியில் ஏழு வரிகளையும் வங்கி ஊழியர் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதை நடையில் பேசுகிறாள். கணவனை அவர்கள் இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயரைச் சொல்லி, ‘சான்’ சேர்த்து அழைக்கிறாள். மூன்றாவது வரிக்குப் பிறகு கணவன் கேட்கிறான்: ஏன் திடீரென்று மரியாதையாகப் பேசுகிறாய்?

தமிழில் அவள் முதல் நாளிலிருந்தே மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

சான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தரம் சரிபார்ப்பவருக்கு போன் செய்தார். சரிபார்ப்பவர் பத்து வயது இளையவர். சேர்ந்த புதிதில் சானுக்கு அடுத்த மேசை. இப்போது சானின் கோப்புகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்.

“தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“அண்ணே, மெயில்ல ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு எழுதுறீங்க. போன்ல தம்பிங்கறீங்க. எந்தக் கட்டத்துல உங்களப் போடுறதுன்னே தெரியல.”

“விளையாடாத. ஒன்பதாவது பாரு, முப்பத்தொண்ணாவது நிமிஷம்.”

மறுமுனையில் ஹெட்போன் மாட்டும் சத்தம் கேட்டது. காட்சி இரண்டு நிமிடம் ஓடியது.

“ஐயோ” என்றார் சரிபார்ப்பவர். “அவன் கேக்கறது கிறுக்கன் மாதிரி இருக்குமேண்ணே. அவதான் எட்டு எபிசோடா ‘வாங்க போங்க’ன்னு இருக்காளே.”

“முதல் எட்டையும் திறந்து ‘நீ’ன்னு மாத்தினா சரியாயிடும். அப்போ இங்க ‘நீங்க’ன்னா அடி விழும்.”

“எத்தனை வரி வரும்?”

“ஐந்நூத்திச் சொச்சம். வினை எல்லாம் மாறும்ல.”

“ஒப்படைச்ச கோப்பைத் திறந்தா ஒண்ணுக்கு ஒரு மார்க். எட்டு போகும். உங்களுக்கு இப்ப என்ன இருக்கு?”

“தொண்ணூத்தாறு.”

“எண்பத்தெட்டு. சரிதான். பட்டியலையே மறந்துட வேண்டியதுதான்.”

தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் மூன்று மாதத்துக்குப் பட்டியலில் பெயர் இருக்காது. பட்டியலில் இல்லாதவருக்குத் தொடர் கிடையாது, வீட்டு உபயோகப் பொருட்களின் செயல்விளக்கப் படங்கள்தான் வரும். சான் சென்ற ஆண்டு ஒருமுறை அப்படி இருந்திருக்கிறார். ஒரு சலவை இயந்திரத்தைப் பற்றி நாற்பது வீடியோக்கள்.

“கணவன் வசனத்தை மாத்திட்டுப் போங்கண்ணே. ‘ஏன் திடீர்னு கோவமா பேசற’ன்னு வைங்க. யாருக்குத் தெரியும்?”

“அவ கோவமாப் பேசலையே. முகத்தப் பாரு.”

“பாத்தேன்.” சரிபார்ப்பவர் பெருமூச்சு விட்டார். “நாளைக்குள்ள ஏதாவது வைங்க. எனக்கும் கண்ணு எரியுது.”

சாயங்காலம் வரை சான் ஏழு வரிகளையும் நான்கு விதமாக எழுதினார். ‘தாங்கள்’ போட்டுப் பார்த்தார். அரசர் கதை போல இருந்தது. பெயருக்குப் பின் ‘சார்’ சேர்த்தார். ஒருங்கிணைப்பாளர் பெண் பின்னால் நின்று படித்துவிட்டு, “என்ன சார், வீட்டுக்காரர்கிட்ட லோன் கேக்கறாளா?” என்றாள். அழித்தார்.

மறுநாள் காலை வீட்டில் நிலவரம் சரியில்லை. சனிக்கிழமை மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். எட்டாம் எபிசோட்டில் சகமொழிபெயர்ப்பாளர் எழுப்பிய சந்தேகத்தில் உட்கார்ந்து, மறந்தே போனார். மாமியார் தனியாக ஆட்டோ பிடித்துப் போய், மருந்து விட்ட கண்ணோடு படி தெரியாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்றும் சொல்ல முடியாது.

“காபி ஆறுது” என்றார் மனைவி, ஃபிரிட்ஜைப் பார்த்து.

சான் எடுத்துக் குடித்தார்.

“இன்னிக்காவது கேஸ் புக் பண்ணினா நல்லாருக்கும். பண்ணலேன்னாலும் பரவால்ல. பழகிப்போச்சு.”

“பண்றேன்” என்றார்.

“சாயங்காலம் வரதுக்கு லேட் ஆகும்னா முன்னாடியே தெரிஞ்சா தேவலை.”

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் செருப்பு மாட்டியபடி சொன்னாள்: “அம்மா, நீ யாருகிட்ட பேசற? அப்பா இங்க இருக்காரு. ஃபிரிட்ஜுக்கு என்ன லேட்டு?”

“உன்ன யாரும் கேக்கல.”

“என்ன மட்டும் ‘உன்ன’. அவருக்கு ஒண்ணும் கிடையாது. மூணாம் மனுஷனாக்கிட்ட.” மகள் போய்விட்டாள்.

சான் டம்ளரைக் கழுவி வைத்தார். “அத்தை கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“நான் மறந்தது தப்புதான்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார் மனைவி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. சான் கைப்பேசியில் ஏழு வரிகளையும் திறந்தார். ‘நீங்க’வை எல்லா இடத்திலும் எடுத்தார். பதிலுக்கு எதையும் வைக்கவில்லை. வினைகளில் ஆளைக் காட்டும் வாலையும் வெட்டினார்.

“இங்க கையெழுத்துப் போடுங்க” என்பது “கையெழுத்து இங்க போடணும்” ஆனது. “சாவியத் தபால் பெட்டியில போட்டுட்டா போதும்.” “வர்றதுக்கு முன்னாடி தெரிவிச்சா நல்லது.” ஆறாவது வரியில், நீங்கள் என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை, “என்ன வேணும்னு என்னை ஒரு தடவைகூட கேட்டதில்ல” என்று முடித்தார். யார் கேட்கவில்லை என்று வரியில் இல்லை. காட்சியில் அவள் எதிரே உட்கார்ந்திருந்த கணவனின் முகத்தில் இருந்தது. குடும்பப் பெயரை எழுதவே இல்லை. அது காதில் விழும், போதும். கணவனின் கேள்வி இப்படி அமைந்தது: “ஏன் மூணாம் மனுஷன்கிட்ட பேசற மாதிரி பேசற?”

எட்டு எபிசோடுகளில் ‘நீங்க’ என்றவள் ஒன்பதாவதில் எதுவுமே சொல்லாமல் விடுகிறாள். முந்தைய கோப்புகளைத் திறக்க வேண்டியதில்லை. வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து என்ற எல்லைக்குள்ளும் எல்லாம் அடங்கின. கணினி ‘நீங்க’வை ஐந்தாக எண்ணும். எடுத்த இடமெல்லாம் மிச்சம்.

பதினொரு மணிக்கு சரிபார்ப்பவர் கூப்பிட்டார்.

“அண்ணே, எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?”

“ஏன்?”

“போன மாசம் எனக்கு இதே வசனம். ‘குழந்தைக்கு ஃபீஸ் கட்டணும்னு ஞாபகம் இருந்தா சரி’. செவுத்தப் பாத்து.” கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “நான் விட்டுடறேன். ஆனா மேல இன்னொரு சரிபார்ப்பு இருக்கு. வாடிக்கையாளர் பக்கம். அவங்களுக்கு ஜப்பானியம் தெரியாது. இங்கிலீஷ் வரியப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அதுல ஆள் இருக்கும், உங்க வரியில இருக்காது.”

“குறிப்பு எழுதறேன்.”

“எழுதுங்க. படிப்பாங்களான்னு தெரியாது. வேணும்னா முதல் நாலு வரியில மட்டும் ‘நீங்க’ வச்சுருங்க. பத்திரமா இருக்கும். தொண்ணூத்தாறுல ஒக்காந்துட்டு எதுக்குண்ணே?”

சான் கண்ணாடியைக் கழற்றினார். இமைகளை அழுத்திக்கொண்டார். நாலு வரியில் வைத்தால் அவள் கணவனின் கேள்விக்கு முன்பே அவனோடு பழையபடி பேசிவிடுவாள். கேள்வி மறுபடி கிறுக்காகிவிடும்.

“இப்படியே போகட்டும்” என்றார்.

“யோசிச்சுட்டீங்களா?”

“யோசிக்கிற அளவுக்குத் தெம்பு இல்ல. அனுப்பிடு.”

குறிப்பை ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி எழுதி இணைத்தார். செவ்வாய்க்கிழமை மாலை கோப்பு போனது. சமையல் எரிவாயுவும் பதிவு செய்தார்.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது. நான்கு வரிகளில் ‘முன்னிலை விடுபட்டுள்ளது’ என்று குறித்திருந்தார்கள், வரிக்கு ஒரு மதிப்பெண். சரிபார்ப்பவர் சானின் குறிப்பை மேற்கோள் காட்டி ஆட்சேபம் எழுதினார். இரண்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி இரண்டு நின்றன. வெளியீட்டுக்கு நேரம் இல்லாததால் வரிகளில் கைவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தொடர் வெளியானது. ஏழு வரிகளும் சான் எழுதியபடியே இருந்தன. அவருடைய மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. திங்கட்கிழமை வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடுத்த தொடரின் அட்டவணையை, இரட்டைப்படை எபிசோடுகளைச் செய்த பெண்ணிடம் கொடுத்தார்கள். சானுக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பின் செயல்விளக்கப் படங்கள் வந்தன, மொத்தம் இருபத்தாறு.